வீல்சேர் இடங்களும் துணை இருக்கைகளும்: பொது விற்பனை திறக்கும் முன் எப்படி ஒதுக்குகிறீர்கள்?

மேடைப்பின்னால் · செவ்வாய், இரவு 9:40

வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் நாடகக் குழுவுக்கு டிக்கெட் வேலையை நான்தான் பார்க்கிறேன். வாடகைக்கு எடுக்கும் கல்லூரி அரங்கத்தில் 640 பேர் உட்காரலாம். இருக்கை வரைபடத்தை டிக்கெட் தளத்தில் நானே வரைந்து ஏற்றுவேன். முதலில் புரவலர்களுக்கு, அப்புறம் உறுப்பினர்களுக்கு, கடைசியில் எல்லாருக்கும் என்று மூன்று கட்டமாக விற்போம்.

போன வருடம் வீல்சேர் இடங்களை மட்டும் பூட்டி வைத்தேன். பக்கத்து இருக்கைகளைப் பூட்டவில்லை, அது எனக்குத் தோன்றவே இல்லை. உறுப்பினர் விற்பனை திறந்த அன்று மாலைக்குள் அவை எல்லாம் போய்விட்டன. அப்புறம் பார்க்கின்சன்ஸ் உள்ள ஒரு பெரியவருக்காக அவர் மனைவி அழைத்தார். பெரியவருக்கு இடம் இருந்தது. அந்த அம்மாவுக்கு நான்கு வரிசை பின்னால்தான் கொடுக்க முடிந்தது. எட்டு மணிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று நாடகத்தின் நடுவே இருட்டில் எழுந்து, பத்துப் பேரின் முழங்காலைத் தாண்டி வந்தார். வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் அது நடக்கக் கூடாது.

எத்தனை இடம் ஒதுக்க வேண்டும், கூட வருபவருக்கு எத்தனை, எந்தக் கட்டத்தில் திறப்பது, விற்காமல் போனால் எப்போது பொது விற்பனைக்கு விடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணைக்குமார் · செவ்வாய், இரவு 10:25

டல்லாஸ் பக்கம் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வீல்சேர் இடத்தையும் பக்கத்து இருக்கையையும் சேர்த்தே வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம். ஆன்லைனில் யாருக்கும் தெரியாது. தேவைப்படுபவர்கள் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் குழு பார்த்துக் கொடுக்கும். கார் நிறுத்த உதவும் ஊனமுற்றோர் அட்டையின் படத்தைக் கேட்போம், இல்லாவிட்டால் நல்ல இடம் என்று யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். நிகழ்ச்சிக்கு 24 மணி நேரம் முன் மீதியைத் திறந்துவிடுவோம். நான்கு வருடமாக இப்படித்தான், புகார் ஒன்றும் வந்ததில்லை.

கதவருகே · புதன், காலை 6:50

குமார், பக்கத்து இருக்கையைச் சேர்த்துப் பிடித்தீர்களே, அது சரி. மற்ற மூன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பல்கலைக்கழக அரங்கத்தின் டிக்கெட் அலுவலகத்தில் 11 வருடம் இருந்தேன். இதை நாங்களும் முதலில் தப்பாகத்தான் செய்தோம்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ சட்டத்தின் கீழ் டிக்கெட் விற்பனைக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. 2010இல் வெளியாகி 2011 மார்ச் 15 முதல் நடைமுறையில் உள்ளவை. கல்லூரியின் கட்டடம்தானே, பொறுப்பு அவர்களுடையது என்று விட முடியாது. வாடகைக்கு எடுத்துப் பொதுமக்களுக்கு டிக்கெட் விற்கும் சங்கத்துக்கும் அது பொருந்தும்.

அந்த விதிகளைப் படித்தால் 'ஒதுக்குவது' என்பதற்கு நாம் நினைக்கும் பொருள் மாறிவிடும். வீல்சேர் இடங்களை விற்பனையிலிருந்து எடுத்து ஒளித்து வைக்கக் கூடாது. மற்ற டிக்கெட்டுகள் விற்கும் அதே நேரத்தில், அதே வழியில், அதே கட்டங்களில் அவையும் விற்க வேண்டும். மற்றவர்கள் இரவு 11 மணிக்குக் கைப்பேசியில் டிக்கெட் எடுக்கலாம் என்றால் வீல்சேரில் வருபவரும் அப்படியே எடுக்க முடிய வேண்டும். அவரை மட்டும் 'மின்னஞ்சல் அனுப்புங்கள், குழு முடிவு செய்யும்' என்று நிறுத்தக் கூடாது. ஆக, பூட்டுவது தேவையில்லாதவர்கள் எடுத்துவிடாமல் இருப்பதற்காக மட்டும். தேவைப்படுபவருக்கு முதல் நிமிடத்திலிருந்தே திறந்திருக்க வேண்டும்.

அட்டையின் படம், மருத்துவர் கடிதம் எதையும் கேட்கக் கூடாது. வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிறவருக்கு நடமாட்டச் சிரமமோ, இந்த இடத்தின் வசதி தேவைப்படும் வேறு குறைபாடோ இருக்கிறதா? ஆம் என்று ஒரு பெட்டியில் குறியிட்டால் போதும். அவருக்காக மகனோ மகளோ வாங்கினாலும் சரி.

24 மணி நேரக் கணக்கும் விதியில் இல்லை. எப்போது விடலாம் என்பதை விற்பனைதான் தீர்மானிக்கிறது, கடிகாரம் இல்லை. அரங்கம் முழுவதும் மற்ற டிக்கெட்டுகள் தீர்ந்தால் விடலாம். ஒரு பகுதியில் தீர்ந்தால் அந்தப் பகுதியில் உள்ளதை விடலாம். ஒரு விலைப் பிரிவு தீர்ந்தால் அந்தப் பிரிவில் உள்ளதை விடலாம். நாளைக்கு நாடகம், சாதாரண டிக்கெட் இன்னும் 60 மீதி இருக்கிறது என்றால் வீல்சேர் இடத்தைத் தொட ஒரு காரணமும் இல்லை.

மாம்பலத்துப் பிள்ளை · புதன், காலை 8:15

நல்ல இழை. ஒரு சந்தேகம். என் அம்மா சென்னையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். விமான நிலையத்தில் வீல்சேர் உதவி எடுத்துக்கொண்டோம். வீட்டில் கைத்தடியோடு நடப்பார். அவருக்கு வீல்சேர் இடம் எடுத்தால் அங்கேயே வீல்சேர் தருவார்களா? வாசலிலிருந்து யாராவது தள்ளிக்கொண்டு போவார்களா?

கதவருகே · புதன், காலை 8:40

தம்பி, விமான நிலையத்து உதவி வேறு, இது வேறு. இங்கே வீல்சேர் இடம் என்பது நாற்காலி இல்லாத வெறும் தரை. சொந்த வீல்சேரில் வருபவர் எழுந்து மாறாமல் அப்படியே நிற்பதற்காக விடப்பட்ட இடம். வீல்சேர் கொடுத்துத் தள்ளிவிடுவது அந்தந்த அரங்கத்தைப் பொறுத்தது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மாவால் படி ஏற முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டு மூன்று படி ஏறிவிடுவார், குறுகலான வரிசைக்குள் நுழைவதுதான் சிரமம் என்றால், நடைவழி ஓரத்தில் கைப்பிடியைத் தூக்கிவிடக்கூடிய இருக்கைகள் இருக்கும், அவற்றைக் கேளுங்கள். புது அரங்கங்களில் நடைவழி ஓர இருக்கைகளில் நூற்றுக்கு ஐந்து அப்படி இருக்க வேண்டும். படியே ஆகாது என்றால் வீல்சேர் இடத்தையே எடுக்கலாம், தவறில்லை. அங்கே ஒரு தனி நாற்காலி போடச் சொல்லுங்கள்.

லண்டன் ரதி · புதன், காலை 9:05

இங்கே பெரும்பாலான அரங்கங்களில் உதவிக்கு வருபவருக்கு டிக்கெட் இலவசம். என் அண்ணை சக்கரக் கதிரையிலதான் வருவார், நான் கூடப் போவேன், ஒரு டிக்கெட் காசுதான் கட்டுவோம். நீங்கள் ஏன் துணை இருக்கைக்குக் காசு வாங்குகிறீர்கள்? அது இல்லாமல் அவர்களால் வரவே ஏலாதே.

கதவருகே · புதன், காலை 9:30

ரதி, அமெரிக்க விதியில் அது இல்லை. அந்தப் பகுதியில் மற்ற இருக்கைகளுக்கு என்ன விலையோ அதற்கு மேல் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். சங்கம் விரும்பினால் இலவசமாகக் கொடுக்கலாம். ஆனால் இங்கே துணை இருக்கை என்பது உதவியாளருக்கு மட்டும் இல்லை. மனைவி, நண்பர், பேரன் யாரும் உட்காரலாம். ஒரு வீல்சேர் டிக்கெட் வாங்குபவர் அதே வரிசையில் ஒட்டினாற்போல் மேலும் மூன்று இருக்கை வரை வாங்கலாம், வாங்கும் நேரத்தில் அவை காலியாக இருந்தால். மூன்று ஒட்டி இல்லையென்றால் இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதியை முடிந்தவரை அருகில் கொடுக்க வேண்டும்.

சக்கரத்தில் நான் · புதன், மதியம் 12:20

நான் 14 வருடமாக வீல்சேரில் இருக்கிறேன். அட்லாண்டா. வாங்குபவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

'மின்னஞ்சல் அனுப்புங்கள்' என்று பார்த்தாலே பாதி நேரம் விட்டுவிடுவேன். குமார் அண்ணா, புகார் வரவில்லை என்றீர்கள். நான் புகார் செய்திருக்க மாட்டேன், வராமல் இருந்திருப்பேன். சனிக்கிழமை நாடகத்துக்கு நான்கு நண்பர்கள் குழுவில் பேசி, ஐந்து நிமிடத்தில் டிக்கெட் எடுத்துவிடுவார்கள். நான் மின்னஞ்சல் அனுப்பி இரண்டு நாள் கழித்துப் பதில் வரும்போது அவர்கள் பக்கத்தில் இடம் இருக்காது.

இன்னொன்று. டிக்கெட் சரியாகக் கிடைத்து, போய்ப் பார்த்தால் என் இடத்தில் வீடியோ கேமராவின் முக்காலி. ஒருமுறை ஒலிக்கலவை மேசையே இருந்தது. தட்டையான தரை, பின்னால் யாரையும் மறைக்காது, பக்கத்தில் மின்சாரம். அவர்களுக்கும் அதுதான் வசதியான இடம். வரைபடத்தில் ஒதுக்கினால் போதாது, மேடைக் குழுவுக்கும் தெரிய வேண்டும். 'நடைவழியில் நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று என்னைச் சமாதானப்படுத்தினார்கள். அது எல்லாரும் வெளியேறும் வழி. ஏதாவது என்றால் நான்தான் அடைத்துக்கொண்டு நிற்பேன். மறுத்துவிட்டேன், மேசையை நகர்த்தினார்கள், நாடகம் 20 நிமிடம் தாமதம். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

திண்ணைக்குமார் · புதன், மாலை 6:10

தம்பி, அதை நான் யோசிக்கவில்லை. புகார் வரவில்லை என்பதை நல்லது என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும்.

மேடைப்பின்னால் · புதன், இரவு 11:05

எல்லாருக்கும் நன்றி. இன்று அலுவலகம் முடிந்து நேராக அரங்கத்துக்குப் போய் அளவு நாடாவோடு பார்த்துவிட்டு வந்தேன். நிலவரம் இதுதான்.

கீழ்த்தளத்தில் 440, மாடியில் 200. மாடிக்கு லிஃப்ட் இல்லை. முன்னால் ஏ முதல் எஃப் வரை 180 இருக்கை, 60 டாலர். ஜி முதல் கடைசி வரிசையான P வரை 260 இருக்கை, 40 டாலர். மாடி 25 டாலர். வீல்சேர் இடங்கள் மொத்தம் ஏழு: ஏ வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, குறுக்கு நடைவழியை ஒட்டிய ஜி வரிசையில் இரண்டு, கதவருகே கடைசி வரிசையில் மூன்று.

கல்லூரி கொடுத்த பிடிஎஃபில் எட்டு இடத்தில் வீல்சேர் படம் இருக்கிறது. நேரில் பார்த்தால் எட்டாவது இடத்தில் தரையில் திருகிய நாற்காலி. ஒரு நாளில் கழற்ற முடியாது. ஏழு போதுமா?

கதவருகே · வியாழன், காலை 6:35

போதும். 301 முதல் 500 இருக்கை வரை ஆறு இடம் வேண்டும். 500க்கு மேல் ஒவ்வொரு 150க்கும், அதன் பின்னத்துக்கும், ஒன்று கூடும். 640 என்றால் மேலே 140தான், ஆக 6 + 1 = 7. எட்டாவதை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நேரில் போய்ப் பார்த்தது எவ்வளவு நல்லதாயிற்று. பிடிஎஃபை நம்பி அதை விற்றிருந்தால் நிகழ்ச்சி அன்று வாசலில்தான் தெரிந்திருக்கும்.

அளவு நாடாவோடு போனீர்களே, ஒவ்வொரு இடமும் 36 அங்குல அகலம் இருக்கிறதா? இரண்டு இடம் ஒட்டி இருந்தால் ஒவ்வொன்றும் 33 போதும். முன்னாலோ பின்னாலோ இருந்து நுழைவதாக இருந்தால் 48 அங்குல ஆழம், பக்கவாட்டில் நுழைவதாக இருந்தால் 60. பக்கவாட்டு இடங்களில்தான் பெரும்பாலும் இடிக்கும். திரும்பி நுழையவே அந்தக் கூடுதல் அடி தேவை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஏழு இடமும் 60, 40 டாலர் பிரிவுகளில்தான் இருக்கின்றன. 25 டாலர் டிக்கெட் வேண்டும் என்று வீல்சேரில் வருபவர் கேட்டால்? மாடிக்கு அவரால் போக முடியாது. அதற்காக அவர் 40 கொடுக்க வேண்டியதில்லை. எல்லா விலையிலும் வீல்சேர் இடம் இருக்க வேண்டும். கட்டட அமைப்பால் ஒரு விலைப் பகுதியில் இடமே இல்லையென்றால், அந்தப் பங்கை வேறு இடத்தில் அதே விலைக்குக் கொடுக்க வேண்டும்.

பங்கு எவ்வளவு? 640இல் 200 என்றால் நூற்றுக்கு 31 சொச்சம். ஏழில் அது 2.2 வருகிறது. ஆக, கடைசி வரிசையின் மூன்று இடங்களில் இரண்டை 25 டாலருக்கு வையுங்கள். எங்கள் அரங்கத்தில் கூட வாங்கும் இருக்கைகளையும் அதே விலைக்குத்தான் கொடுத்தோம்.

மேடைப்பின்னால் · வியாழன், காலை 7:50

இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. போன வருடம் மாடி டிக்கெட் கேட்ட ஒரு அம்மாவிடம் 'கீழே 40 டாலர்தான் இருக்கிறது' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அளவு சரியாக இருக்கிறது. ஏ வரிசையில் மட்டும் பக்கவாட்டு நுழைவு, 61 அங்குலம் இருந்தது. டிக்கெட் தளத்தில் ஏற்ற ஒரு பட்டியல் போட்டேன், ஒரு பகுதி இங்கே:

```
seat,kind,hold,pair,price
A1,wheelchair,ADA,A-L,60
A2,companion,ADA,A-L,60
P1,wheelchair,ADA,P-1,25
P2,companion,ADA,P-1,25
```

`pair` என்பதில் ஒரே பெயர் இருந்தால் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் விற்கும். இது சரியா?

கதவருகே · வியாழன், காலை 8:20

ஏறக்குறையச் சரி. 'ஒன்றாகத்தான் விற்கும்' என்று வைக்காதீர்கள். தனியாக வருபவர் இருப்பார். அவரைத் துணை இருக்கைக்கும் காசு கட்ட வைக்கக் கூடாது. துணை இருக்கையை வீல்சேர் இடம் இல்லாமல் தனியாக வாங்க முடியாது, வீல்சேர் இடத்தைத் தனியாக வாங்கலாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் தடை. தனியாக வாங்கிய பின் மீந்த துணை இருக்கையையும் மற்ற டிக்கெட்டுகள் தீர்ந்தால்தான் பொது விற்பனைக்கு விடலாம்.

அப்புறம், பெரும்பாலான டிக்கெட் தளங்களில் ஒற்றை இருக்கை அனாதையாக நிற்காமல் பார்க்கும் ஒரு சோதனை இருக்கும். ஒருவர் A1 மட்டும் எடுத்தால், அவருக்கு அடுத்து ஒன்று தனியாக நிற்கிறது என்று இணையக் கூடையில் போட விடாமல் தடுக்கும். ADA என்று குறித்த இடங்களுக்கு அந்தச் சோதனையை அணைத்துவிடுங்கள். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. வாங்க முயன்றவர்களுக்குப் பிழைச் செய்தி மட்டும் வரும், அவர்கள் போய்விடுவார்கள், நமக்குத் தெரியாது. விற்பனை திறக்கும் முன்பு புது கைப்பேசியில், நிர்வாகக் கணக்கில் நுழையாமல், நீங்களே மூன்று விதமாக வாங்கிப் பாருங்கள்: ஒருவர், இருவர், நால்வர்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது: இந்தப் பட்டியலைப் புரவலர் இருக்கைகளைப் பிரிப்பதற்கு முன்பே ஏற்றுங்கள். ஏ வரிசையில் பெரிய புரவலரை உட்கார வைக்கும் ஆசை எல்லாச் சங்கத்திலும் உண்டு. A2, A3இல் ஒருவர் பெயரை எழுதிவிட்டால் அப்புறம் எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

திண்ணைக்குமார் · வியாழன், மாலை 5:45

ஒரு கேள்வி, சண்டைக்காக இல்லை. ஏழு வீல்சேர் இடம், ஏழு துணை இருக்கை. கணக்குப் போட்டேன். ஏ வரிசையில் நான்கு 60 டாலர், 240. ஜியில் நான்கு 40, 160. கடைசி வரிசையில் இரண்டு 40, நான்கு 25, சேர்த்து 180. ஒன்றுமே விற்காவிட்டால் 580 டாலர் போகும். எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு அது ஒலி அமைப்பின் வாடகை. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் விடக் கூடாது என்றால் கஷ்டம்தான்.

கதவருகே · வியாழன், இரவு 7:10

580 போக வேண்டுமென்றால் அரங்கத்தில் மற்ற எல்லா டிக்கெட்டும் விற்றிருக்க வேண்டும், வாங்க ஆட்கள் இன்னும் நிற்க வேண்டும். அப்போது விதியே விட அனுமதிக்கிறது. 60 டாலர் பிரிவு தீர்ந்ததா, ஏ வரிசையில் விற்காததை விடலாம். மற்ற டிக்கெட்டுகள் மீதி இருக்கும்போது இவற்றை விடாததால் ஒரு டாலரும் நஷ்டம் இல்லை, வாங்க வருபவர் வேறு இருக்கையை வாங்குவார்.

ஆனால் விட்டே ஆக வேண்டும் என்றும் விதி சொல்லவில்லை. நாங்கள் ஒரு ஜோடியைக் கடைசி வரை விடமாட்டோம். முந்தின வாரம் கால் முறிந்து, சாதாரண டிக்கெட்டோடு வீல்சேரில் வந்து நிற்பவர் வருடத்தில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். வீல்சேர் இடம் காலியாக இருந்தால் அவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். காலியாக ஒன்றும் இல்லையென்றால் அவரோடு நாமும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வீல்சேர் இடத்தை விடும்போது இன்னொரு வேலையும் சேரும். அங்கே நாற்காலி இல்லை. யார் போடுவது, எங்கிருந்து எடுப்பது என்று முன்பே கேட்டு வையுங்கள்.

லண்டன் ரதி · வியாழன், இரவு 7:40

உறுப்பினர் விற்பனையை யாரும் பேசவில்லை. ஏழு இடமும் அன்றைக்கே போய்விட்டால் பொது விற்பனையில் வாங்க வருகிறவருக்கு ஒன்றும் இராதே? பாதியைப் பிடித்து வைக்கலாம்தானே.

சக்கரத்தில் நான் · வியாழன், இரவு 8:30

எனக்கு இதில் சம்மதமில்லை அக்கா. நான் எங்கள் சங்கத்தில் உறுப்பினர், சந்தா கட்டுகிறேன். மற்ற உறுப்பினர்கள் அன்று எந்த இருக்கையையும் எடுக்கலாம். எனக்கு மட்டும் 'மூன்றுதான் இன்று, மீதி அடுத்த வாரம்' என்றால்? நாங்கள் உறுப்பினர்களில் நான்கு பேர் வீல்சேரில் இருக்கிறோம்.

லண்டன் ரதி · வியாழன், இரவு 8:45

நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் என் அண்ணையைப் போல் சங்கத்தில் இல்லாதவர் எப்போதும் கடைசிதானே.

கதவருகே · வியாழன், இரவு 9:15

இரண்டும் சரிதான், இதற்கு எனக்கு ஒரே விடை இல்லை. எல்லாக் கட்டத்திலும் விற்க வேண்டும் என்று விதி சொல்கிறது, எந்தக் கட்டத்துக்கு எத்தனை என்று அதில் எண் இல்லை. எங்கள் அரங்கத்தில் சந்தாக்காரர்களுக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஒவ்வொரு விலையிலும் ஒன்று பொது விற்பனைக்கு மிஞ்சுமாறு நிறுத்தினோம். சாதாரண இருக்கைகளிலும் ஒரு பங்கை அப்படி நிறுத்தி வைத்திருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. சாதாரண இருக்கைகளுக்கு நிறுத்தாமல் இதற்கு மட்டும் நிறுத்தினால் தம்பி கேட்பது போல் கேள்வி வரும். சங்கக் குழு உட்கார்ந்து பேசட்டும்.

திண்ணைக்குமார் · வியாழன், இரவு 9:50

ஆம் என்று குறியிட்டுவிட்டுப் பொய்யாக வருபவரை என்ன செய்வது? அதைச் சொல்லவில்லையே.

கதவருகே · வெள்ளி, காலை 6:30

11 வருடத்தில் ஏழெட்டுப் பேர் அப்படி வந்திருப்பார்கள். பாதிப் பேர் வீல்சேர் படத்தைக் கவனிக்காமல் குறியிட்டவர்கள். அதனால் அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே 'இங்கே நிலையான நாற்காலி இல்லை' என்று எழுதிவிடுங்கள், தவறாக எடுப்பவர் குறைவார். மீதிப் பேரை அமைதியாகக் கேட்டு, வேறு இருக்கைக்கு மாற்றினோம். ஆனால் பார்த்தால் நன்றாக நடக்கிறாரே என்று ஒருவரைச் சந்தேகப்படாதீர்கள். இதய நோயோ நுரையீரல் நோயோ வெளியே தெரியாது. நான் ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டு இன்றுவரை வருந்துகிறேன்.

மேடைப்பின்னால் · வெள்ளி, இரவு 10:20

இன்று குழுக் கூட்டம் முடிந்தது. ஏழு ஜோடியும் புரவலர் பட்டியலுக்கு முன்பே ஏற்றியாகிவிட்டது. கடைசி வரிசையில் இரண்டு 25 டாலருக்கு. மின்னஞ்சல் இல்லை, எல்லாம் ஆன்லைனில், ஒரே கேள்வியோடு. தொலைபேசியில் கேட்பவருக்கும் அதே விலை, அதே இடம். ஜி வரிசையில் ஒரு ஜோடியைத் திரை விலகும் வரை விடமாட்டோம். ஏ வரிசையில் மட்டும் ஜோடிக்கு அடுத்த இரண்டு இருக்கையையும் உறுப்பினர் விற்பனை முடியும் வரை பிடித்து வைக்கச் சொன்னேன், குடும்பமாக வருபவருக்காக. பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அது அடுத்த வாரம் மறுபடி வரும். உறுப்பினர், பொது பங்கீடும் முடிவாகவில்லை.

ஒளிப்பதிவுக் குழுவிடம் வரைபடத்தைக் கொடுத்து, ஜி வரிசையில் முக்காலி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். மாடியின் முன்வரிசையில் இரண்டு இருக்கையை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தோம்.

சோதனை வாங்கலில் ஒன்று மாட்டியது. நால்வராக எடுத்தபோது, வீல்சேர் இடத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் கூடையில் போட்டது தளம். சரிசெய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

சக்கரத்தில் நான் · வெள்ளி, இரவு 10:55

அண்ணா, கடைசி வரிசை மாடிக்கு அடியில்தானே வருகிறது? மேடையின் மேல்பகுதி தெரியுமா? உங்கள் நாடகத்தில் மாடி வீடு மாதிரி அரங்க அமைப்பு இருக்கிறது என்று விளம்பரத்தில் பார்த்தேன். அங்கிருந்து ஒரு படம் எடுத்து டிக்கெட் பக்கத்தில் போட்டால் எந்த இடம் என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். நின்றுகொண்டு எடுக்காதீர்கள். தரையிலிருந்து நாலடி உயரத்தில் கைப்பேசியைப் பிடியுங்கள், என் கண் அங்கேதான் இருக்கும்.

மேடைப்பின்னால் · வெள்ளி, இரவு 11:10

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போகிறேன். ஏழு இடத்திலிருந்தும் எடுத்துப் போடுகிறேன். முன் வரிசையில் ஆட்களை உட்கார வைத்தே எடுக்கிறேன், அப்போதுதான் தலை மறைக்கிறதா என்று தெரியும்.